கட்லெட் உடையாமல் பொரிக்க ஒருமுறை திருப்பினால் போதும்

நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் அடிக்கடி செய்யும் பலகாரங்களில் கறி கட்லெட்டும் ஒன்று. சுவை சரியாக இருந்தும், சட்டியில் போட்டதும் உடைந்து உதிர்ந்துவிடுகிறது என்பதுதான் பலரின் குறை. பெரும்பாலும் இதற்குக் காரணம் இரண்டு: மாவில் தங்கிய ஈரம், மேலோடு இறுகும் முன்பே திருப்பும் அவசரம்.

கால் கிலோ கொத்துக்கறிக்கு அதே அளவு உருளைக்கிழங்கு எடுத்துக்கொள்வோம். கிழங்கைத் தோலுடன் முழுதாக அவித்தால் தண்ணீர் அதிகம் குடிக்காது. ஆறிய பிறகு உரித்து மசிக்க வேண்டும். வெங்காயம், மசாலாவுடன் கறியை வேகவைத்து, சட்டியில் நீர் துளியும் இல்லாமல் வற்ற விட வேண்டும். இரண்டும் நன்றாக ஆறியபின் பிசைந்து, விரல் தடிமனில் பன்னிரண்டு வடைகளாகத் தட்டலாம். தட்டும்போது ஓரம் வெடித்தால் மாவு உலர்ந்துவிட்டது, கையை லேசாக நனைத்துத் தட்டினால் போதும். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித்தூள் சேர்க்கலாம்.

அடித்த முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துகிறோம். ஓரங்களிலும் தூள் படிய வேண்டும். விடுபட்ட இடத்தில்தான் எண்ணெய் உள்ளே புகுந்து கட்லெட் பிளக்கும். பிறகு அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பூச்சு நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

அகலமான, அடி கனத்த சட்டியில் கட்லெட்டின் பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் காய வைப்போம். சிறிது ரொட்டித்தூளைப் போட்டதும் சுற்றிலும் குமிழி எழுந்து, தூள் மெல்லச் சிவந்தால் சூடு சரி. உடனே கருகினால் சூடு அதிகம், மேலே கருகி நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். குமிழியே வராவிட்டால் சூடு போதாது, பூச்சு எண்ணெய் குடித்து ஊறிக் கழன்றுவிடும்.

ஒரு தடவைக்கு நான்கைந்து மட்டும், இடைவெளி விட்டு வைக்க வேண்டும். நெருக்கினால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். வைத்தபின் மூன்று, நான்கு நிமிடம் தொடாமல் விட வேண்டும். முட்டையும் தூளும் சேர்ந்து ஓடாக இறுகுவது அப்போதுதான். அடி ஓரம் பொன்னிறமாகி, சட்டியை லேசாக அசைத்தால் கட்லெட் தானாக நகரும். நகராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் பொறுப்போம். தட்டைக் கரண்டியை அடிவரை நுழைத்து, மேலே ஒரு கரண்டியால் தாங்கி, ஒரே ஒருமுறை திருப்ப வேண்டும். மறுபக்கம் மூன்று நிமிடம் போதும். மறுபடி மறுபடி புரட்டினால் இறுகிய ஓடு விரிசல் விடும்.

அடுத்த தடவைக்கு முன் எண்ணெயில் உதிர்ந்த தூளை அரித்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கருகி, புதிய கட்லெட்டில் ஒட்டிக் கசக்கும்.

இந்த நேரக்கணக்கு வெந்த கறிக்கு மட்டுமே. பச்சைக் கொத்துக்கறியில் தட்டும் கபாபை மெல்லியதாகத் தட்டி, தீயைச் சற்றுக் குறைத்து, கூடுதல் நேரம் விட வேண்டும். ஒன்றைப் பிட்டுப் பார்த்து, நடுவில் சிவப்பு இல்லை என்று உறுதி செய்தபின் பரிமாறுவோம்.