பணம் இருக்கும், எண் தொலையும்

தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டிக்கு இறங்கும் காலை பஸ்ஸில் ஏறினால் தெரியும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் தோட்டத்தை விட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள் என்று. பல்லேகலை தையல் தொழிற்சாலை, கண்டி நகரத்துப் புடவைக்கடை, பேக்கரி, காவலாளி வேலை, அதற்கும் அப்பால் கொழும்பு. இருபது வயதில் மலையில் கொழுந்து பறித்தவள் முப்பது வயதுக்குள் மூன்று முதலாளிகளைப் பார்த்துவிடுகிறாள். ஒவ்வொரு முதலாளியிடமும் அவளுக்கு ஓர் ஈ.பி.எப். எண் விழுகிறது. அந்த எண்களை எழுதி வைத்திருக்கும் வீடு பத்தில் ஒன்றுகூட இருக்காது என்பது என் கணிப்பு.

இந்தியாவில் வேலை பார்க்கும் உறவினர் யாராவது, வேலை மாறியதும் பி.எப். பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். இங்கே நடைமுறை வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியம் ஒரே நிதியம். எந்த முதலாளி கட்டினாலும் பணம் இலங்கை மத்திய வங்கியின் பொறுப்பில் ஒரே பெட்டிக்குள்தான் போய்ச் சேர்கிறது. தொழில் திணைக்களம் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது, மத்திய வங்கி பணத்தைக் காக்கிறது. ஆகவே வேலை மாறும்போது பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. தொலைவது வேறொன்று. அந்தப் பெட்டிக்குள் இது யாருடைய பணம் என்று சொல்லும் எண்ணும் பெயரும்தான் தொலைகின்றன.

மத்திய வங்கியின் அறிக்கைகளைப் பார்த்தால் இதன் அளவு புரியும். மாதாமாதம் பணம் வந்து விழும் கணக்குகள் முப்பது இலட்சத்துக்கும் குறைவு. பணம் வராமல் நின்றுபோன கணக்குகளோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். இந்த நாட்டில் அத்தனை தொழிலாளர்கள் இல்லை. ஒரே ஆள் மூன்று நான்கு கணக்குகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதுதான் இதற்கு முக்கியமான விளக்கம்.

ஒரு வாழ்க்கையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊரில் சாதாரணமாகக் காணக்கூடிய வரிசைதான். ஒரு பெண் 2010 ஜனவரியில் தோட்டத்தில் பேர் பதிகிறாள். 2017 டிசம்பரில் விலகுகிறாள். 2018 ஜனவரி முதல் 2022 ஒக்டோபர் வரை பல்லேகலையில் தையல் வேலை. அதன் பிறகு கண்டியில் ஒரு கடை. மூன்று முதலாளிகள், மூன்று எண்கள்.

தோட்டத்தை விட்டபோது அவளுடைய ஈ.பி.எப். கணக்கில் ஒரு இலட்சம் ரூபா இருந்ததாக வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அந்தக் கணக்கில் யாரும் ஒரு சதமும் போடவில்லை. ஆனாலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. 2018க்கு 9.5 வீதம், 2019க்கு 9.25, அடுத்த மூன்று வருடமும் 9 வீதம், 2023க்கு 13. வருடாவருடம் சேர்த்துப் பார்த்தால் 2023 முடிவில் அந்த ஒரு இலட்சம், ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரத்தை எட்டியிருக்கும். தூங்கும் கணக்கு செத்த கணக்கு அல்ல. "விட்ட வேலையின் காசு போனதுதான்" என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி அந்த எண்ணைத் தேடாமல் விடுவதுதான் நட்டம்.

இதே பெண்ணுக்கு இன்னும் இரண்டு பணங்கள் உண்டு, அவற்றின் குணம் வேறு. ஒன்று ஈ.டி.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம் கட்டுவது, தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதல்ல. வேலையை விட்டதும் இதை எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். அவள் 2018 தொடக்கத்தில் தோட்டத்து ஈ.டி.எப்.ஐ எடுத்திருந்தால், 2022இல் தையல் வேலையை விட்டபோது மறுபடி எடுக்க முடியாது. 2023 வரை பொறுக்க வேண்டும். பொறுக்கும் அந்த மாதங்களில்தான் தாள்கள் தொலைகின்றன, தொழிற்சாலையில் கையெழுத்துப் போட வேண்டியவர் மாறிப்போகிறார். எடுக்க முடியாத காலத்திலும் விலகிய திகதியைக் காட்டும் கடிதத்தை வாங்கி வைத்துவிட வேண்டும்.

மற்றது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் முடித்தால், தானாக விலகினாலும் கிடைக்கும். இதை எந்த நிதியமும் வைத்திருப்பதில்லை. முதலாளியின் சட்டைப்பையில்தான் இருக்கிறது, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு நகராது. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம். நம் பெண் தோட்டத்தில் எட்டு வருடம் முடித்தவள். ஆகவே அவளுக்கு 112 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய வீதத்தில், விலகிய முப்பது நாளுக்குள் வர வேண்டும். தையல் தொழிற்சாலையில் அவள் இருந்ததோ நான்கு வருடம் பத்து மாதம். அங்கே ஒன்றும் இல்லை. மாதச் சம்பளம் முப்பதாயிரம் என்றால், இன்னும் இரண்டே மாதம் பொறுத்திருந்தால் 75,000 ரூபா. வேலையை விடும் திகதியைத் தீர்மானிக்கும் முன் சேர்ந்த திகதியைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

இனி எண்ணுக்கு வருவோம். ஈ.பி.எப். எண்ணில் இரண்டு பகுதி உண்டு. முதலாளிக்குரிய இலக்கம் ஒன்று, அந்த முதலாளியிடம் உங்களுக்குரிய அங்கத்தவர் இலக்கம் மற்றது. "என் எண் 214" என்று மட்டும் நினைவில் வைத்திருப்பது போதாது, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு 214 இருக்கக்கூடும். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் பதிவுப் படிவமும், உங்கள் பெயரும் எண்ணும் உள்ள பி அட்டையும்தான் அடிப்படைச் சான்று. அட்டை கிடைக்கவில்லை என்றால் சம்பளத்துண்டில் இரண்டு இலக்கங்களும் இருக்கும். முதல் மாதச் சம்பளத்துண்டையும் கடைசி மாதச் சம்பளத்துண்டையும் பத்திரப்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மலையகத்துக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. வேலையை மாற்றாமலேயே முதலாளி மாறிய மக்கள் நாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்த லூல்கந்துர நமக்குப் பக்கத்து மலை. இந்த மலைகளில் கம்பனிக்காரர் போய் 1970களில் அரசாங்கம் வந்தது, 1992இல் பல தோட்டங்கள் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயின, சில அரச சபைகளிடமே நின்றன. அதே லயத்தில் குடியிருந்து அதே மலையில் கொழுந்து பறித்த தாய்க்குக்கூட முதலாளியின் பெயர் இரண்டு மூன்று முறை மாறியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய தாய்மார் பணம் எடுக்கப் போகும்போது கடைசி நிர்வாகத்தின் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதற்கு முந்திய காலத்துக்கு வேறு எண் இருந்ததா என்று தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் கேட்க வேண்டும். பழைய செக்ரோல் புத்தகம் கறையானுக்குப் போகும் முன் கேட்க வேண்டும்.

பெயர் இன்னொரு முடிச்சு. பேர் பதியும்போது கணக்கப்பிள்ளை எழுதியது கூப்பிடும் பெயர். அடையாள அட்டையில் இருப்பது பிறப்புப் பத்திரப் பெயர். கலியாணத்துக்குப் பின் தகப்பன் பெயரின் முதலெழுத்துப் போய்ப் புருஷன் பெயரின் முதலெழுத்து வந்திருக்கும். பிரஜாவுரிமைப் பிரச்சினையால் அடையாள அட்டையே பிந்திக் கிடைத்த குடும்பங்களில் பழைய கணக்கில் அட்டை இலக்கமே இருக்காது. 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டைக்கு மாறியவர்களும் பயப்பட வேண்டாம். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்ந்து, நடுவில் ஒரு சுழியம் நுழைந்து, கடைசி ஆங்கில எழுத்து விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பெயர் பொருந்தாவிட்டால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டி வரும். இதை ஐம்பது வயதில் செய்வதைவிட முப்பது வயதில், தெரிந்த கிளாக்கர் இன்னும் வேலையில் இருக்கும்போது செய்வது பத்து மடங்கு இலகு.

கணக்கு இருப்பதாலேயே பணம் கட்டப்பட்டதாக நினைத்துவிடவும் கூடாது. தொழிலாளியின் 8 வீதத்தையும் முதலாளியின் 12 வீதத்தையும் அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டியாக வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். அப்படியிருந்தும் நிலுவை வைப்பவர்கள் உண்டு. அரச தோட்ட நிர்வாகங்களின் சேமலாப நிதி நிலுவை பாராளுமன்றம்வரை போன பேச்சு. நகரத்துக் கடைகளில் வேறு ஒரு தந்திரம்: முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம், ஈ.பி.எப். இல்லை என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தற்காலிகமோ பயிற்சியோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. உங்கள் கணக்குக் கூற்றை வாங்கி, சம்பளத்துண்டுகளோடு மாதம் மாதமாக ஒத்துப் பாருங்கள். துண்டில் பிடித்த மாதம் கூற்றில் இல்லையென்றால் அந்தப் பணம் போய்ச் சேரவில்லை. வேலையில் இருக்கும்போதே இதைப் பார்ப்பவர் முதலாளியிடம் நேரே கேட்கலாம். விலகிய பிறகு பார்ப்பவர் கண்டியிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்க வேண்டும். கூற்றுக்காகக் கொழும்புவரை போகத் தேவையில்லை, மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் மாத்தளையில் இருக்கிறது.

கலியாணம் என்ற காரணத்தைக் காட்டிப் பெண்கள் ஈ.பி.எப்.ஐ முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தாலிக்கும் தளபாடத்துக்கும் அந்தப் பணத்தை எடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து மறுபடி வேலைக்குப் போகும் பெண், முப்பது வயதில் சுழியத்திலிருந்து தொடங்குகிறாள். என்னைக் கேட்டால், அடுப்பு எரியாத நிலை வந்தாலன்றி அதில் கை வைக்க வேண்டாம் என்பேன். கலியாணத்துக்குப் பின் செய்ய வேண்டிய வேறு வேலை ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது பின்னுரித்தாளியாகத் தாயின் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு கணக்கிலும் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துத் திருத்துங்கள்.

பெண்களுக்கு ஐம்பது, ஆண்களுக்கு ஐம்பத்தைந்து. அந்த வயதில் கே படிவம் நிரப்பும் அன்று எல்லா முதலாளிகளின் எண்களையும் ஒரே தடவையில் எழுத முடிய வேண்டும். இன்று இரவே ஒரு கொப்பியில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: எங்கே வேலை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, முழு எண் என்ன. அம்மாவினதையும் கேட்டு எழுதுங்கள். தெரியாத எண்ணுக்கு அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். வாசலில் நின்று "எடுத்துத் தருகிறேன், பத்து வீதம் கொடு" என்று கேட்பவர்களிடம் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பணத்தை நீங்கள் கேட்பதற்கு அந்த அலுவலகத்தில் கட்டணம் கிடையாது.