முன்னால் போகிறவருக்குத் தெரியாத ரப்பர்

மரியோ கார்ட் ஆடிப் பழகியவர்களுக்கு அந்தத் தருணம் நன்றாகத் தெரியும். கடைசிச் சுற்று. முதலிடத்தில் போகிறவருக்குப் பின்னாலிருந்து எச்சரிக்கை ஒலி கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் முள் வைத்த நீல ஆமை ஓடு ஒன்று வந்து தலைக்கு மேல் வட்டமிட்டு வெடிக்கிறது. கார்ட் அந்தரத்தில் சுழன்று விழுவதற்குள் இரண்டு மூன்று பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பின்தங்கியவரை முன்னே இழுத்து, முன்னோடியைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு விளையாட்டு வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரப்பர் பேண்டிங்'. முதல் கார்ட்டையும் கடைசி கார்ட்டையும் ஒரு ரப்பர் வளையத்தால் கட்டியதுபோல, இடைவெளி கூடக் கூட இழுவையும் கூடும். இது இல்லாவிட்டால், நன்றாக ஓட்டத் தெரிந்த அக்கா முதல் சுற்றிலேயே கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுவாள். எட்டு வயதுத் தம்பி மீதிச் சுற்றுகளைத் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பான்.

எளிய வழி, பின்னால் இருப்பவரின் வேகத்தைக் கூட்டுவது. எல்லாரும் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறார்கள், தம்பி 60 மீட்டர் பின்னால் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு 15 சதவீதம் கூடுதல் வேகத்தை அப்படியே கொடுத்தால் நொடிக்கு 3 மீட்டர் நெருங்குவான். 20 நொடியில் அக்காவை எட்டிப்பிடித்து, அதே வேகத்தில் தாண்டியும் போவான். ஒரே மாதிரி வண்டி, ஒரே நேர்ச்சாலை, ஆனாலும் அவன் சர்ரென்று கடந்து போவதை அக்கா பார்க்கிறாள். ஏமாற்றப்பட்ட உணர்வு பிறப்பது அந்த இடத்தில்தான்.

அதையே வேறு விதமாகச் செய்யலாம். 60 மீட்டர் இடைவெளியில் 4 சதவீதம் மட்டும் கொடுத்து, அவன் நெருங்க நெருங்க அதைக் குறைத்துக்கொண்டே வந்து, 15 மீட்டரில் பூஜ்யமாக்கிவிடுவது. இப்போது ஒரு நிமிடத்தில் இடைவெளி ஏறக்குறைய 30 மீட்டராகச் சுருங்கும். முன்னே போகும் கார்ட் அவன் கண்ணில் படும். துரத்தும் ஆசை வரும். தாண்டுவதற்கு மட்டும் அவன் சொந்தமாக வளைவை நன்றாக எடுக்க வேண்டும். ரப்பர் அவனை அக்காவின் அருகில் கொண்டுவந்து விட்டதோடு சரி, அவளை முந்தவில்லை. நல்ல வடிவமைப்புக்கும் மோசமான வடிவமைப்புக்கும் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த 15 மீட்டரில்தான் இருக்கிறது.

நிண்டெண்டோ மனித ஆட்டக்காரர்களுக்கு நம்பியது பெரும்பாலும் வேகத்தை அல்ல, வழியில் கிடைக்கும் பெட்டிகளை. முன்னால் இருப்பவருக்கு வாழைப்பழத் தோலும் காசும் வரும். பின்னால் இருப்பவருக்கு நட்சத்திரமும் மின்னலும் வரும். உதவி கண்ணுக்குத் தெரிகிறது, அதைச் சரியான இடத்தில் பயன்படுத்தும் திறமையும் தேவைப்படுகிறது. அதனால் தோற்றவருக்குக் கோபம் வந்தாலும், எதன்மேல் என்று அவருக்குத் தெரியும்.

நீல ஓட்டின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1996-ல் மரியோ கார்ட் 64-ல் அது அறிமுகமானபோது தரையில் ஓடி வழியில் நின்றவர்களையும் இடித்தது. 2003-ல் வந்த டபுள் டேஷில் சிறகு முளைத்து நேராக முதல்வரைத் தேடிப் போனது. தப்பிக்க வழி மிகக் குறைவு என்பதால் புகார்களும் ஏராளம். 2014-ல் மரியோ கார்ட் 8 ஒரு பதிலைக் கொடுத்தது: சூப்பர் ஹார்ன் கையில் இருந்தால், ஓடு நெருங்கும் நேரம் பார்த்து அடித்து அதை நொறுக்கிவிடலாம். ஹார்ன் எல்லா நேரமும் கிடைக்காது. ஆனால் பதில் என்று ஒன்று இருக்கிறது என்பதே முதல்வரின் மனநிலையை மாற்றிவிடுகிறது.

அந்த ஆட்டத்தில் பெட்டிக்குள் என்ன வரும் என்பதை முதல்வருக்கும் நமக்கும் உள்ள தூரம் தீர்மானிக்கிறது, எத்தனையாவது இடம் என்பது அல்ல. இது நியாயமான கணக்கு. 12 பேர் ஒட்டிக்கொண்டு ஓடும்போது எட்டாவது இடத்தில் இருப்பவர் முதல்வருக்கு இரண்டே நொடி பின்னால் இருக்கலாம். அவருக்குப் பெரிய உதவி தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே பின்தங்கி, பலமான பொருட்களைச் சேர்த்துக்கொண்டு, புல்வெளியைக் குறுக்கே வெட்டும் இடம் வந்ததும் பாய்ந்து முன்னேறினார்கள். ஆட்டக்காரர்கள் இதை 'பேக்கிங்' என்கிறார்கள். பிரேக் போடுவது லாபம் தருகிறது என்றால் ரப்பர் அளவுக்கு மீறி இழுக்கிறது என்று பொருள்.

சோதனை ஆட்டங்களில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யார் எத்தனை மீட்டரில் இருந்தார் என்பதைப் பதிவு செய்து, கடைசி முடிவோடு ஒப்பிட வேண்டும். இரண்டாம் சுற்றில் முதலில் இருந்தவர் மற்றவர்களைவிட அதிகம் ஜெயிக்கவில்லை என்றால், அதுவரை ஓட்டிய ஓட்டத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிருக்கிறது. அவரே எப்போதும் ஜெயித்தால் ரப்பர் தொய்ந்து கிடக்கிறது. அப்போது வடிவமைப்பாளர் திரும்பிப் போய் அந்த 4 சதவீதத்தை 5 ஆக்குவார், அல்லது 15 மீட்டரை 12 ஆக்குவார். பிறகு அக்காவையும் தம்பியையும் மறுபடி உட்கார வைத்து, திரையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களைப் பார்ப்பார்.