'ங்க' எங்கே போச்சு?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன்காரர் ஒருவர் பத்து சேலைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். கணக்கெழுதும் தம்பி ஈ-மெயில் அனுப்பணும். தமிழில் யோசிக்கிறார்:

'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கேட்ட கோர்வைச் சேலைகள் தறியில் உள்ளன. முதலாளி அவர்கள் பாதித் தொகை கேட்கிறார்கள். அனுப்பி வைக்கவும்.'

பழுதில்லாத கடிதம். இது அப்படியே இங்கிலீஷாகிறது: 'ரெஸ்பெக்டட் சார், தி ஸாரீஸ் ஆஸ்க்ட் பை யுவர் குட்செல்ஃப் ஆர் இன் த லூம். ஓனர் சார், தே ஆர் ஆஸ்க்கிங் ஹாஃப் அமௌன்ட். கைண்ட்லி சென்ட்.'

லண்டன்காரர் முதலில் முழிப்பது 'தே'யில். 'ஓனர் ஒருத்தர்தானே, கூட யார் யார் கேட்கிறார்கள்?' நம்ம ஊரில் மரியாதை வந்தால் ஒருமை பன்மையாகிவிடும். முதலாளி ஒருத்தரே 'கேட்கிறார்கள்'. இங்கிலீஷில் அது வெறும் தலைக்கணக்கு!

அடுத்தது 'குட்செல்ஃப்'. 'தாங்க'ளுக்குச் சமமாக ஏதாவது வேணுமே என்று தேடியதில் மாட்டியது. ஒரு காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிகளே எழுதியதுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. இங்கிலீஷிலும் முன்பு 'நீ'க்கு 'தௌ', 'நீங்க'ளுக்கு 'யூ' என்று இரண்டு இருந்தன. 17-ம் நூற்றாண்டுவாக்கில் 'தௌ' பேச்சிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கி, மரியாதைச் சொல்லான 'யூ'வே எல்லாருக்கும் ஆனது. மேனேஜருக்கும் 'யூ', வீட்டு நாய்க்கும் 'யூ'! (வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் கேட்கும் 'அடியேன்' என்பதை மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாயிருக்கிறது.)

நிஜமான வில்லங்கம் கடைசி வரியில். 'அனுப்புங்க' என்பதில் மரியாதை அந்த 'ங்க'வில் ஒட்டியிருக்கிறது. 'அனுப்பவும்' என்றால் யாரையும் நேராக ஏவுகிற மாதிரியே இல்லை. இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு இப்படி வால் கிடையாது. வெட்டிவிட்டால் மிச்சம் 'சென்ட்' - அதாவது 'அனுப்பு'! முன்னால் 'கைண்ட்லி' போட்டாலும் பல வெள்ளைக்காரர்களுக்கு அது நோட்டீஸ் போர்டு அதட்டல் மாதிரிதான் கேட்கும். ஆக, கடிதத்தின் தலையில் சாஷ்டாங்க நமஸ்காரம், வாலில் அதிகாரம். படிக்கிறவர் குழம்பாமல் என்ன செய்வார்?

அவர்கள் மரியாதையை வைத்திருப்பது கேள்வியிலும் துணைவினையிலும். 'வில்' என்பதை 'வுட்' ஆக்கி ஒரு அடி தள்ளி நின்று கேட்பார்கள். 'வுட் யூ பீ ஏபிள் டு சென்ட் ஹாஃப் த அமௌன்ட் பை ஃப்ரைடே?' இதில் 'சார்' இல்லை, 'கைண்ட்லி'யும் இல்லை. ஆனால் 'அனுப்ப முடியுங்களா?' என்பதன் 'ங்க' அத்தனையும் உள்ளே இருக்கிறது. மேலே 'டியர்' போட்டு அவர் பெயர். முதலாளிக்கு 'ஹி' போதும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதெல்லாம் கடல் தாண்டிப் போகிற மெயிலுக்குத்தான். உள்ளூர் ஆபீஸில் லீவு கேட்கும்போது 'ரெஸ்பெக்டட் சார்' தாராளமாகப் போடலாம். அங்கே படிக்கிறவரும் அதைத் தமிழில்தான் படிக்கிறார்!