மூடியது யார், எத்தனை நாள் மிச்சம்?

நேற்று வரை ஃபேஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டிருந்த நண்பரின் பக்கத்தை இன்று காணவில்லை. பெயரைத் தேடினால் வரவில்லை. பழைய பதிவு ஒன்றின் இணைப்பைத் தொட்டால் "This content isn't available right now" என்கிறது. கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கலாம் என்று அவரே மூடியிருக்கலாம். நிறுவனம் நிறுத்தி வைத்திருக்கலாம், அல்லது ஒரேயடியாகத் தடை செய்திருக்கலாம். அவரே கணக்கை அழித்திருக்கலாம். உங்களை மட்டும் பிளாக் செய்திருக்கவும் கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். கணக்குக்கு உரியவர் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போக முயலும்போதுதான் எது நடந்திருக்கிறது என்று புரியும்.

கணக்கு திரும்பக் கிடைக்குமா என்று பதறுகிறவர்கள் முதலில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கை மூடியது யார், நீங்களா நிறுவனமா? உள்ளே இருந்த படங்களும் செய்திகளும் நிறுவனத்தின் சர்வரில் இன்னும் இருக்கின்றனவா, அவற்றை அழிப்பதற்கான கெடு ஓடத் தொடங்கிவிட்டதா? டிஆக்டிவேட், சஸ்பெண்ட், பேன், டெலீட் ஆகிய நான்கிலும் மீட்கும் வாய்ப்பு இந்த இரண்டைப் பொறுத்தே மாறுகிறது.

ஃபேஸ்புக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே டிஆக்டிவேட் செய்வது நீங்களே கணக்கை மறைத்து வைப்பது. எதுவும் அழிவதில்லை, கெடுவும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் பழைய கடவுச்சொல்லைப் போட்டால் எல்லாம் இருந்தபடியே திரும்பி வரும். ஃபேஸ்புக் கணக்கை வைத்து வேறு ஏதாவது செயலியில் நுழைந்தாலும் கணக்கு தானாக உயிர்பெற்றுவிடும். "நான் மூடித்தானே வைத்திருந்தேன், எப்படித் திறந்தது?" என்று குழம்புகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். நீங்கள் ஒருவர் மட்டுமே முழு நிர்வாகியாக இருக்கும் கடைப் பக்கம், சங்கப் பக்கம் போன்றவையும் உங்கள் கணக்கோடு சேர்ந்து மறைந்துவிடும். டிஆக்டிவேட் செய்வதற்கு முன் நம்பகமான இன்னொருவரை நிர்வாகியாகச் சேர்த்துவிடுவது நல்லது.

ஃபேஸ்புக்கில் பழகியவர்கள் எக்ஸ் தளத்தில்தான் ஏமாறுகிறார்கள். அங்கேயும் பொத்தானின் பெயர் டிஆக்டிவேட்தான். ஆனால் அதைத் தொட்ட நாளிலிருந்து 30 நாள் கெடு ஓடத் தொடங்குகிறது. அதற்குள் ஒருமுறையாவது உள்ளே நுழையாவிட்டால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். தேர்வு முடியும் வரை இரண்டு மாதம் மூடி வைக்கலாம் என்று நினைக்கும் மாணவருக்கு ஃபேஸ்புக்கில் ஒன்றும் ஆகாது, எக்ஸில் எல்லாம் போய்விடும். பொத்தானுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் நாள் கணக்கைப் படிக்காமல் அதைத் தொடக் கூடாது.

அடுத்தது சஸ்பெண்ட். இதில் கணக்கை மூடுவது நிறுவனம். சரியான கடவுச்சொல்லைப் போட்டதும் ஃபேஸ்புக் அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் உள்ளே விடாமல் கணக்கு நிறுத்தப்பட்டிருப்பதாகச் சொல்லும். மேல்முறையீடு செய்ய 180 நாள் அவகாசம் உண்டு, இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்பதும் அங்கேயே தெரியும். கடவுச்சொல்லே தவறு என்று வந்தால் விவகாரம் வேறு. ஒன்று நீங்கள் மறந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் யாரோ திருடி மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் போக வேண்டிய இடம் facebook.com/hacked. திருட்டுப் போன கணக்குக்கு மேல்முறையீட்டுப் படிவத்தைத் தேடுவதும், சஸ்பெண்ட் ஆன கணக்குக்குக் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதும் நாட்களை வீணாக்கும்.

இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வரும் தந்திரம் ஒன்றும் உண்டு. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் அவருடைய ஃபேஸ்புக் கணக்கு சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது. காரணமாகச் சொல்லப்படுவது, அவர் கேள்வியே படாத ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு விதிகளை மீறியது என்பது. நடந்தது இதுதான்: யாரோ அவருடைய கணக்கில் புகுந்து, விதிமீறல் நிறைந்த தங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கை அவருடைய கணக்கோடு இணைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு மாட்டியதும் அதோடு கட்டப்பட்ட இவருடையதும் சேர்ந்து மாட்டியது. இவர் முதலில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, புதிய இடத்திலிருந்து உள்நுழைவு, புதிய கணக்கு இணைப்பு என்று ஃபேஸ்புக்கிலிருந்து வந்த எச்சரிக்கைகளைத் தேட வேண்டும். அவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் உடனே மாற்ற வேண்டும், ஏனென்றால் திருடர்கள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அதன் பிறகே மேல்முறையீடு.

மேல்முறையீட்டில் பொதுவாக மொபைலுக்கு வரும் குறியீடு, சில நேரம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டும் வீடியோ செல்ஃபி, சில நேரம் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். நம்மவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கணக்கில் இருப்பது புனைபெயர், அட்டையில் இருப்பது இன்ஷியலோடு கூடிய பெயர். பிறந்த தேதியும் அன்று விளையாட்டாகப் போட்டதாக இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் கணக்கு உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது கடினம். இதை முன்கூட்டியே, கணக்கு ஒழுங்காக இருக்கும்போதே சரிசெய்துகொள்வதுதான் வழி. மேல்முறையீடு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்பு. அதனால் அவசரத்தில் மங்கலான படத்தை அனுப்பிவிடாதீர்கள். தகவல்களைப் பதிவிறக்கம் செய்யும் வசதி அந்தத் திரையில் காட்டப்பட்டால், மேல்முறையீட்டுக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். முடிவு எதுவானாலும் படங்களாவது மிஞ்சும். காத்திருக்கும் நாட்களில் புதிய கணக்கு தொடங்கத் தோன்றும். வேண்டாம். தடையைத் தாண்டும் முயற்சியாக அது கருதப்பட்டால் புதிய கணக்கும் போகும், பழையதன் வழக்கும் கெடும்.

180 நாள் சும்மா கடந்துவிட்டாலோ, மேல்முறையீடு தள்ளுபடி ஆனாலோ சஸ்பெண்ட் பேனாக மாறுகிறது. கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது, மறுபரிசீலனை கோர முடியாது என்று திரை சொல்லும். நாள் கணக்கு அதில் இருக்காது. இதுதான் அடையாளம்.

நிரந்தரம் என்று சொல்லப்பட்டது எப்போதும் நிரந்தரமாக இருப்பதில்லை. 2021 ஜனவரியில் டொனால்ட் டிரம்பின் கணக்கை ட்விட்டர் நிரந்தரமாக முடக்கியது, 2022 நவம்பரில் நிறுவனம் கைமாறியபின் அது திரும்ப வந்தது. ஃபேஸ்புக் அவரைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. அப்படி ஒரு தண்டனை நிறுவனத்தின் விதிகளிலேயே இல்லை என்று அதன் மேற்பார்வைக் குழு 2021 மே மாதம் சுட்டிக்காட்டியது. அதன் பிறகே இரண்டு ஆண்டு என்று காலம் குறிக்கப்பட்டு, 2023 தொடக்கத்தில் கணக்கு திறக்கப்பட்டது. தடை செய்த கணக்கைத் திறக்க நிறுவனத்தால் முடியும். திறக்க வைப்பது யாரால் முடியும் என்பதுதான் கேள்வி.

எளிய மனிதருக்கு இது எப்படி முடிகிறது என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு தந்தையின் கதை உண்டு. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் அதை எழுதியது. 2021 பிப்ரவரியில் அவருடைய சின்ன மகனுக்கு அந்தரங்க உறுப்பில் வீக்கம். மருத்துவமனை கேட்டதால் டாக்டர் பார்ப்பதற்காகப் படம் எடுத்தார்கள். படம் கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கப்பட்டது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்று அதைக் கணினி கொடி காட்ட, கணக்கு முடக்கப்பட்டது. மின்னஞ்சல், படங்கள், அவருடைய தொலைபேசி எண்ணும்கூட கூகுள் சேவையில் இருந்ததால் எல்லாம் ஒரே நாளில் போயிற்று. காவல்துறை விசாரித்துக் குற்றம் எதுவும் இல்லை என்று வழக்கை மூடியது. விசாரணை அதிகாரி அவரைத் தொடர்புகொள்ள முயன்றபோது எண்ணும் மின்னஞ்சலும் வேலை செய்யவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டிய பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. எந்தக் குற்றமும் செய்யாதவருக்கு இது நடந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் இங்கே குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். முதலில் அவருக்கு எழுதி, புகார் எண்ணைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். அவருடைய முடிவில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் gac.gov.in தளத்தில் முறையிடலாம். 2023 மார்ச் முதல் இது இயங்குகிறது. வழக்கறிஞர் தேவையில்லை, எல்லாம் இணையத்திலேயே நடக்கும். பேன் ஆன கணக்குக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். "கணக்கை மீட்டுத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று கமெண்டில் வருகிறவர்களிடம் போக வேண்டாம். அவர்களிடம் தனிச் சாவி எதுவும் இல்லை. பணத்தோடு உங்கள் அடையாள அட்டையும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

கடைசியாக டெலீட். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் மனம் மாற நேரம் தருகிறார்கள். அதற்குள் நுழைந்தால் அழிப்பை ரத்து செய்யும் பொத்தான் வரும். 30 நாள் தாண்டினால் மீட்க வழியில்லை. சர்வர்களிலிருந்து எல்லாம் நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்றாலும், அந்த இடைவெளியில் கெஞ்சினாலும் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். மேல்முறையீட்டுக் குழு உத்தரவிட்டாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது. வாட்ஸ்அப்பில் அந்த 30 நாள்கூட இல்லை. டெலீட்டை உறுதிசெய்த கணமே கணக்கும் குழுக்களும் போய்விடும். அதே எண்ணில் மீண்டும் பதிந்தால் கிடைப்பது வெறும் புதிய கணக்கு. செயலியை மட்டும் போனிலிருந்து நீக்குவது வேறு, கணக்கை அழிப்பது வேறு. வாட்ஸ்அப் தொல்லை தாங்காதவர்கள் செயலியை நீக்கினால் போதும், ஆனால் சுமார் 120 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் அந்தக் கணக்கும் அழிக்கப்படலாம்.

ஜிமெயிலை அழிக்க நினைப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு தொடாத கூகுள் கணக்குகளை நிறுவனமே அழிக்கத் தொடங்கியது 2023 டிசம்பரில், ஆகவே மறந்து கிடக்கும் பழைய கணக்கும் இதில் அடக்கம். அழிந்த ஜிமெயில் முகவரியை நீங்கள் உட்பட யாரும் மறுபடி வாங்க முடியாது. வங்கி, வருமான வரித் தளம், வேலைவாய்ப்புத் தளம், ஏன் ஃபேஸ்புக்கே கூட, கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பை அந்த முகவரிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒவ்வொன்றாகப் போய் முகவரியை மாற்றி, புதிய பெட்டிக்குச் செய்தி வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை அழிக்கலாம்.