ஓமப் புகையிலும் கலையாத முகம்

வைகாசி மாதத்தில் காலை 7.30 மணிக்கு முகூர்த்தம் என்றால், மணப்பெண் 4 மணிக்கே மேக்கப்புக்கு உட்கார்ந்துவிட வேண்டும். அதன்பிறகு பட்டுப்புடவையின் கனம், ஓமகுண்டத்தின் அனல், புகை, வீடியோ விளக்கின் சூடு. பந்தி முடிந்து அவள் எழும்போது, முகத்தில் பூசியது ஒன்பது மணி நேரத்தைக் கடந்திருக்கும்.

அத்தனை நேரம் தாங்குமா என்பதை ட்ரையலில்தான் கண்டுபிடிக்க முடியும். ஆனால் பலர் ஏசி பார்லரில் அரை மணி நேரம் கண்ணாடி பார்த்துவிட்டு முகம் கழுவிவிடுகிறார்கள். அதில் நிறம் பொருந்துகிறதா என்பது மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ட்ரையலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இரண்டு நாள் முன்னால், போடப்போகும் பவுண்டேஷனைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். ட்ரையல் முடிந்ததும் முகத்தைக் கழுவாமல் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று, சாப்பிட்டு, ஆறு மணி நேரம் அப்படியே இருங்கள். இரண்டு மணிக்கொரு தடவை ஜன்னலோரம் ஒரு படம், பிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். பிளாஷில் மட்டும் முகம் வெளிறித் தெரிந்தால், பெரும்பாலும் பவுடரோ சன்ஸ்கிரீனோதான் காரணம்.

இரண்டாம் மணியில் மூக்கோரம் மினுங்குகிறது, நான்காம் மணியில் மேலுதட்டில் பவுண்டேஷன் பிரிந்து புள்ளி புள்ளியாக நிற்கிறது, கன்னம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைப் பார்த்ததும் இன்னொரு கோட்டிங் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். வியர்வை அடியிலிருந்து வருவதால், தடித்த பூச்சுதான் முதலில் வெடிக்கும். மூக்கிலும் மேலுதட்டிலும் இன்னும் மெல்லியதாகப் பூசி, பவுடரைப் பஃபால் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். பூசும்போதே முகமெங்கும் துகள் துகளாக உருண்டு வந்தால், பிரைமரும் பவுண்டேஷனும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்; இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும்.

நலங்கு மஞ்சளை மறந்துவிடக் கூடாது. முதல் நாள் முகமெல்லாம் பூசினால், ட்ரையலில் பார்த்த நிறம் மறுநாள் பொருந்தாது. பெரியவர்களிடம் சொல்லிக் கை கால்களோடு நிறுத்தச் சொல்லலாம். பூசிவிட்டால், அன்றிரவே தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம்.

மேடையில் வியர்த்தால் துடைக்கக் கூடாது. டிஷ்யூவை மடித்து ஒற்றி, ஈரம் போனபின்பே பவுடர். ஈரத்தின்மேல் பவுடர் போட்டால் மாவாகத் திரளும். நெற்றிக் குங்குமம் மூக்கில் உதிர்ந்தால் விரலால் தேய்க்காமல், உலர்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும். இதற்கெல்லாம் டிஷ்யூ, பஃப், பிரஷ், லிப்ஸ்டிக்கோடு தங்கையோ அத்தை மகளோ பக்கத்திலேயே நிற்கட்டும்.

மாலையில் வரவேற்பும் இருந்தால், காலை மேக்கப்பின் மேலேயே பூசச் சம்மதிக்காதீர்கள். முழுக்கக் கலைத்து, கழுவி, புதிதாகப் போட வேண்டும். அதற்கான நேரத்தையும் கட்டணத்தையும் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.