மலைச்சரிவில் ஆணியும் வலையும்

நீலகிரி மலைச்சாலைகளில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். சாலையை அகலப்படுத்த வெட்டிய செங்குத்தான மண்சரிவில், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகச் சதுர இரும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு நட்டு. தகடுகளுக்கு அடியில் கம்பி வலை, வலைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் புல். வலைதான் மலையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று தோன்றும். வலை பிடிப்பது மேல்மண்ணை மட்டுமே. பாரத்தைத் தாங்குவது அந்த நட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஆறு முதல் பத்து மீட்டர் வரை உள்ளே போகும் முறுக்குக் கம்பி.

இதுதான் சாயில் நெய்லிங், அதாவது மண் ஆணி. 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் வெர்சாய் அருகே ஒரு ரயில் பாதைக்காக மணற்சரிவை வெட்டியபோது பெரிய அளவில் செய்து பார்த்த முறை. இன்று மலைச்சாலை உள்ள நாடுகளில் எல்லாம் இருக்கிறது.

வேலை மேலிருந்து கீழே நடக்கும். முதலில் ஒரு ஆள் உயரத்துக்கு மட்டும் மண்ணை வெட்டுவார்கள். வெட்டிய முகத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்வாக, சுமார் 10 சென்டிமீட்டர் விட்டத்தில் துளை போடுவார்கள். கம்பி துளையின் நடுவிலேயே நிற்கும்படி பிளாஸ்டிக் வளையங்களை மாட்டி உள்ளே செலுத்துவார்கள். பிறகு கம்பியோடு போன குழாய் வழியாகச் சிமென்ட் பாலைத் துளையின் அடியிலிருந்து நிரப்பி வருவார்கள். வாயிலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிப் பொந்து விழும். அந்த வரிசை இறுகி, வலையும் தகடும் பொருத்திய பிறகுதான் அடுத்த அடுக்கை வெட்ட வேண்டும். மழைக்காலம் நெருங்குகிறது என்று இரண்டு அடுக்கை ஒன்றாக வெட்டும் அவசரம்தான் வேலை நடக்கும்போதே சரிவு விழக் காரணம்.

பத்து மீட்டர் உயரச் சரிவு ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அதற்குள் எட்டு மீட்டர் நீள ஆணி. சரிவு விழுந்தால் எந்த இடத்தில் பிளந்துகொண்டு வரும் என்று பொறியாளர் முதலில் கணிப்பார். அந்தப் பிளவுக்கோடு ஆணியை முகத்திலிருந்து மூன்று மீட்டரில் வெட்டுகிறது என்று வைப்போம். முன்னால் உள்ள மூன்று மீட்டர் விழப்போகும் மண்ணுக்குள் இருக்கிறது. பின்னால் உள்ள ஐந்து மீட்டர்தான் அசையாத மலையைப் பற்றியிருக்கிறது. இறுகிய சிமென்ட் பாலுக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடி சதுர மீட்டருக்கு ஆறு டன் என்றால், 10 சென்டிமீட்டர் துளையில் மீட்டருக்கு ஏறக்குறைய 1.9 டன் கிடைக்கும். ஐந்து மீட்டருக்கு ஒன்பதரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. பாதுகாப்புக்காக அதில் பாதியை மட்டுமே நம்பலாம். அதே துளையில் கிடக்கும் 25 மில்லிமீட்டர் கம்பியோ ஏறக்குறைய 25 டன் இழுத்தால்தான் நெகிழத் தொடங்கும்.

ஆக, கம்பி அறுந்து சரிவு விழுவது அபூர்வம். கம்பி சிமென்ட் உறையோடு சேர்ந்து உருவிக்கொண்டு வரும். தடிமனான கம்பி போட்டோம் என்று பெருமைப்படுவதில் இதனால்தான் பெரிதாக அர்த்தமில்லை. மழை பெய்த மறுநாள் களை பிடுங்குகிறவருக்கு விஷயம் தெரியும்: வேர் அதேதான், மண் விட்டுக்கொடுத்துவிடுகிறது. நீலகிரியில் சார்னோக்கைட் பாறை நெடுங்காலமாகச் சிதைந்து, சில இடங்களில் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகியிருக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கிற இந்த மண், நீர் ஏறியதும் குணம் மாறிவிடும். அதனால் ஆணியோடு வடிகுழாய்களும் போட வேண்டும். ஆணி உள்நோக்கிக் கீழே சாயும். துளையிட்ட வடிகுழாய் உள்நோக்கி மேலே ஏறும், நீர் தானாக வெளியே வர. சரிவின் தலைப்பில், மேலிருந்து வரும் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு கால்வாயும் வேண்டும். முகம் முழுவதும் சிமென்ட் பூசிவிட்டு வடிகுழாயில் கஞ்சத்தனம் செய்த சரிவை விட, புல் முளைக்க விட்ட வலைமுகம் மேல் என்பது என் கருத்து.

பிடி எவ்வளவு என்பதை மேசையில் இருந்து ஊகிக்க முடியாது. அதே சரிவில் சோதனைக்கென்றே தனியாகச் சில ஆணிகளை இறக்கி, ஜாக்கி வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். பாரத்தைப் படிப்படியாக ஏற்றி, குறித்த பாரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி, கம்பியின் தலை எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜில் பார்ப்பார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் வழிகாட்டியில் ஆறாவது நிமிடத்துக்கும் அறுபதாவது நிமிடத்துக்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. முள் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தால், இன்று தாங்கினாலும் அந்த ஆணியை நம்ப முடியாது. கோடையில் இழுத்துத் தேறிய ஆணி நவம்பரிலும் அதே பிடியைத் தரும் என்று எடுத்துக்கொள்வதும் தப்பு.

ஆணி வேலை செய்ய மண் கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். பத்து மீட்டர் சரிவின் தலைப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னே வருவது இயல்பு. அப்போது தலைப்பில் மயிரிழை விரிசல் தெரியலாம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அது அகலமாகிறது, முகத்தில் ஒரு பக்கம் புடைக்கிறது, எப்போதும் சொட்டிய வடிகுழாய் அடைமழையிலும் உலர்ந்து கிடக்கிறது என்றால் உள்ளே நீர் தேங்குகிறது என்று அர்த்தம்.

ஆணி பார்த்துக்கொள்வது வெட்டிய சரிவை மட்டுமே. அதற்கு மேலே, மண்ணுக்குள் சிதையாமல் தங்கிவிட்ட உருண்டைப் பாறைகள் இருக்கும். மழை மண்ணைக் கரைக்கக் கரைக்க அவை வெளியே வந்து ஒருநாள் உருளும். அதற்குத்தான் பாறைத் தடுப்பு வலை.

ஒரு மீட்டர் விட்டமுள்ள பாறை ஏறக்குறைய 1.4 டன் இருக்கும். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால் மணிக்கு 85 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம், 400 கிலோஜூலுக்குச் சற்று அதிகமான ஆற்றல். கான்கிரீட் சுவர் வைத்தால் சுவர்தான் உடையும். தடுப்பு வலை எதிர்த்து நிற்பதில்லை, விட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. எஃகுத் தூண்களுக்கு இடையே வலையைத் தொங்கவிடும் கம்பி வடங்களில் பிரேக் என்று ஒரு பாகம் உண்டு. பாறை மோதியதும் அது இழுபட்டு நீண்டு வேகத்தை விழுங்கிவிடும். ஐரோப்பியச் சோதனை முறையில் வலைகளை 100 கிலோஜூலிலிருந்து 4,500க்கு மேல் வரை வகுத்திருக்கிறார்கள். சோதனைத் தளத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் கட்டியை உண்மையாகவே எறிந்து பார்த்துத்தான் சான்று தருகிறார்கள்.

விட்டுக்கொடுக்கும் வலை சில மீட்டர் முன்னே உப்பி வரும். சாலை விளிம்பிலேயே நட்டால், பாறை வலைக்குள் சிக்கியபடியே பேருந்தின் மேல் வந்து இடிக்கும். சாலையிலிருந்து தள்ளி, சரிவின் மேலேயே நிறுத்த வேண்டும். இடமில்லாத ஊர்களில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் நடந்தது போல, மலையின் மேற்பகுதியே சேறும் மரமுமாக ஓடை வழியே இறங்கினால் இந்த ஆணியும் இந்த வலையும் ஒன்றும் செய்ய முடியாது. சேற்று வெள்ளத்துக்கு வேறு வகைத் தடுப்பு உண்டு. சில இடங்களில் சாலையையே வேறு பக்கம் திருப்புவதுதான் வழி.

ஒருமுறை பெரிய அடி வாங்கிய வலையில் பிரேக்குகள் நீண்டே இருக்கும். அவற்றை மாற்றாவிட்டால் அடுத்த பாறைக்கு விட்டுக்கொடுக்க வடத்தில் இடமில்லை. அடியில் தேங்கிய கல்லையும் மண்ணையும் அள்ளாவிட்டால் வலையின் உயரமும் குறைந்துகொண்டே வரும். அள்ளுவதற்கு ஆள் ஏறிப் போக ஒரு பாதையை, வலை நடும்போதே வரைபடத்தில் சேர்த்திருக்க வேண்டும்.