24.999: பாஸா, ரிஜெக்டா?

கோவைப் பக்கம் ஒரு கிரைண்டிங் பட்டறை. டிராயிங்கில் '25 ஹெச்6' என்று இருக்கிறது. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஷாஃப்ட்டின் விட்டம் 25.000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, 24.987க்குக் கீழேயும் போகக் கூடாது. நடுவில் இருப்பது 13 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. இதற்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர்.

இன்ஸ்பெக்டர் டிஜிட்டல் மைக்ரோமீட்டரில் ஷாஃப்ட்டைப் பிடித்து, ராட்செட்டைச் சொடுக்கிப் பார்க்கிறார். 24.999. "ஒரு மைக்ரான் உள்ளேதான் சார் இருக்கு" என்று பாஸ் டிரேயில் வைத்துவிடுகிறார். இரண்டு நாள் கழித்து, சரக்கு வாங்கிய கம்பெனியின் சோதனை மேஜையில் அதே ஷாஃப்ட் 25.001 காட்டுகிறது. ரிஜெக்‌ஷன் நோட் வருகிறது. போனில் சத்தம் ஏறுகிறது. "எங்க மைக்ரோமீட்டருக்கு காலிப்ரேஷன் சர்டிஃபிகேட் இருக்கு" என்கிறார் ஒருவர். "எங்களுக்கும்தான் இருக்கு" என்கிறார் மற்றவர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கருவியும் கெட்டுப்போகவும் இல்லை. திரையில் தெரியும் எண்ணை ஷாஃப்ட்டின் உண்மையான விட்டம் என்று எடுத்துக்கொண்டதுதான் இருவரும் செய்த பிழை.

எந்த ரீடிங்குக்குப் பின்னாலும் ஒரு 'கூட்டல் கழித்தல்' ஒளிந்திருக்கிறது. அளவியலில் இதை நிச்சயமின்மை என்பார்கள். மைக்ரோமீட்டரைப் பொறுத்தவரை இது பல இடங்களிலிருந்து வந்து சேருகிறது. கருவியின் சொந்தப் பிழை ஒன்று. அதைச் சரிபார்த்த ஸ்லிப் கேஜின் நிச்சயமின்மை இன்னொன்று. ஒரே ஷாஃப்ட்டை இரண்டு பேர் பிடித்தால் கை அழுத்தம் வேறுபடும். ஷாஃப்ட்டும் முழு வட்டமாக இருக்காது, திருப்பிப் பிடித்தால் ஒரு மைக்ரான் மாறலாம்.

இவற்றோடு வெப்பமும் சேர்கிறது. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 3 மைக்ரான் பெருத்துவிடும். ஷாஃப்ட்டும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும் என்பதால் பெரிய பாதகமில்லை. ஆனால் கிரைண்டிங் மெஷினிலிருந்து இறக்கிய கையோடு, வெதுவெதுப்பு அடங்கும் முன் அளந்தால் பிழை அப்படியே ரீடிங்கில் வந்து உட்காரும். டிராயிங்கில் இருக்கும் அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கானது.

இவை எல்லாவற்றையும் உரிய முறையில் கூட்டி, நம் பட்டறையில் நிச்சயமின்மை ±3 மைக்ரான் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உண்மையான விட்டம் ரீடிங்கிலிருந்து 3 மைக்ரானுக்குள் இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பலாம் என்பது இதன் பொருள்.

இப்போது ஒரு எளிய வகுத்தல். டாலரன்ஸின் மொத்த அகலம் 13. நிச்சயமின்மையின் மொத்த அகலம், மேலே 3, கீழே 3, ஆக 6. பதின்மூன்றை ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 2.2. இதுதான் சோதனை நிச்சயமின்மை விகிதம்; லேப்காரர்கள் டி.யு.ஆர். என்பார்கள். எண் பெரிதாக இருந்தால், அளக்கும் வேலைக்கு அளவுகோல் தாராளமாகப் போதும் என்று பொருள்.

'நாலுக்கு ஒன்று இருக்க வேண்டும்' என்ற விதியைக் கேள்விப்படாத குவாலிட்டி ஆள் இருக்க மாட்டார். அது அமெரிக்கக் கடற்படையிலிருந்து வந்தது. 1950களில் ஜெர்ரி ஹேய்ஸ் என்பவர் அங்கே ஆயுதச் சோதனைக் கருவிகளுக்கான காலிப்ரேஷன் திட்டத்தை வகுத்துக்கொண்டிருந்தார். தவறிப்போய் பாஸாகும் பொருள்கள் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது அவர் இலக்கு. கணக்கு சுமார் 3:1 என்று வந்தது. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று 4:1 ஆக்கினார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நிகழ்தகவைக் கணக்கிட அன்றைக்கு வசதி இல்லை. வசதி வரும்வரைக்கான ஏற்பாடாகத்தான் அது நினைக்கப்பட்டது. 2006இல் வந்த அமெரிக்கத் தரமான இசட்540.3, தவறான பாஸின் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை முதலில் வைத்து, அதைக் கணக்கிட இயலாத இடத்தில் மட்டும் 4:1 போதும் என்றது. தற்காலிக ஏற்பாடுகளுக்கு ஆயுசு கெட்டி என்பதால், ஆடிட்டுகளில் இன்றும் முதலில் கேட்கப்படும் எண் இதுதான்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஹேய்ஸின் கணக்கு மொத்தத் தொகுப்பைப் பற்றியது. ஆயிரம் பொருள்கள் சோதனைக்கு வருகின்றன, அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நல்லவை, அந்த நிலையில் எத்தனை தவறுகள் நழுவும் என்பதுதான் அதன் கேள்வி. கையில் இருக்கும் இந்த ஒரு ஷாஃப்ட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. விகிதம் 4:1 ஆக இருக்கட்டும், 10:1 ஆகவே இருக்கட்டும். ரீடிங் சரியாக 25.000 என்று வந்து நின்றால், உண்மை விட்டம் உள்ளே இருக்க எவ்வளவு வாய்ப்போ, வெளியே இருக்கவும் அவ்வளவே. அந்த ஒரு ரீடிங்கை எந்த விகிதமும் காப்பாற்றாது. அப்படிச் சிக்கலில் மாட்டும் ரீடிங்குகளின் எண்ணிக்கையைத்தான் நல்ல விகிதம் குறைக்கிறது.

நம் 24.999ஐப் பார்ப்போம். ±3 மைக்ரான் நிச்சயமின்மையோடு எல்லைக்கு ஒரு மைக்ரான் உள்ளே நிற்கிறது. வேறு எந்தத் தகவலும் இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால், ஷாஃப்ட் உண்மையில் 25.000ஐத் தாண்டியிருக்க ஏறக்குறைய 25 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒன்று.

இதைப் பாஸ் என்பதா? அதற்கு அறிவியலில் பதில் கிடையாது. ஒப்பந்தத்தில்தான் உண்டு. சந்தேகத்தின் சுமையை யார் தூக்குவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வதுதான் முடிவு விதி. எளிய ஏற்பு என்பது ஒரு வகை. ரீடிங் எல்லைக்குள் இருந்தால் பாஸ், நிச்சயமின்மையைப் பார்க்க வேண்டாம். நம் இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் பின்பற்றியது இதைத்தான். இதில் எல்லையோரத்து ரீடிங் தவறாகப் பாஸாகும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை போகும்.

இன்னொரு வகை, எல்லையிலிருந்து உள்பக்கம் ஒரு பட்டையை ஒதுக்கிவிடுவது. 'கார்டு பேண்ட்' என்பார்கள். முழு நிச்சயமின்மையையும், அதாவது 3 மைக்ரானை, இரு பக்கமும் ஒதுக்கினால் 24.990 முதல் 24.997 வரை வருபவை மட்டுமே பாஸ். தவறான பாஸின் வாய்ப்பு 2.5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். விலை? 13 மைக்ரான் டாலரன்ஸ் 7 மைக்ரானாகச் சுருங்கிவிட்டது. பாதி போய்விட்டது, நல்ல ஷாஃப்ட்டுகள் பலவும் ரிஜெக்ட் டிரேக்குப் போகும். டி.யு.ஆரின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. விகிதம் 4:1 என்றால் கார்டு பேண்ட் விழுங்குவது டாலரன்ஸில் கால் பங்கு. 10:1 என்றால் பத்தில் ஒன்று. 1:1 என்றால் பாஸ் என்று சொல்ல இடமே இல்லை.

அந்தச் சண்டைக்கு வருவோம். இயந்திர உறுப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14253-1 என்ற தரம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பொருந்தும் ஒரு நியாயத்தை வைத்திருக்கிறது. யார் எதை நிரூபிக்க வருகிறாரோ, நிச்சயமின்மை அவருக்கு எதிராகவே எண்ணப்படும். விற்பவர் 'சரியாக இருக்கிறது' என்று நிரூபிக்க வேண்டும், ஆகவே எல்லைக்கு நன்றாக உள்ளே நிற்க வேண்டும். வாங்குபவர் 'சரியில்லை' என்று நிரூபிக்க வேண்டும், ஆகவே எல்லைக்கு நன்றாக வெளியே காட்ட வேண்டும். வாங்கிய கம்பெனியின் நிச்சயமின்மை ±2 மைக்ரான் என்றால் அவர்கள் ரீடிங் 25.002க்கு மேல் வந்திருக்க வேண்டும். வந்தது 25.001. ஆகவே அவர்களால் ரிஜெக்ட் செய்ய முடியாது. பட்டறைக்காரரும் அதை நல்ல ஷாஃப்ட் என்று உறுதி கூறி அனுப்பியிருக்கக் கூடாது. இரண்டு ரீடிங்குக்கும் இடையே உள்ள 2 மைக்ரான் வித்தியாசம், இருவரின் நிச்சயமின்மைக்குள் தாராளமாக அடங்குவதால், உண்மையில் இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறது! இதைப் புரிந்துகொண்டிருந்தால் போனில் அவ்வளவு சத்தம் தேவைப்பட்டிருக்காது.

இப்படிப்பட்ட ஷாஃப்ட்டைத் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பது பட்டறைகளில் சகஜம். "இன்னொரு தடவை பிடிச்சுப் பாரு" என்பார் சூப்பர்வைசர். நாலாவது முறை 25.000 வந்ததும் அதை எழுதிவிடுவார்கள். பல முறை அளந்து சராசரி எடுத்தால் கைநடுக்கத்தின் பங்கு குறையும் என்பது உண்மைதான். ஆனால் கருவியின் சொந்தப் பிழையும் வெப்பமும் எத்தனை முறை அளந்தாலும் குறையாது. பிடித்த எண் வரும்வரை அளப்பதோ சராசரியே அல்ல. இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று ஆடிட்டர் கண்டுபிடிப்பது எளிது. ஒரு மாத ரீடிங்குகளை வரிசைப்படுத்திப் பார்ப்பார். 24.999, 25.000 என்ற இடங்களில் குவியலும், 25.001இல் திடீர் வெறுமையும் தெரிந்தால் இயந்திரம் அப்படிச் செய்யாது, பேனாதான் செய்திருக்கிறது.

காலிப்ரேஷன் லேப்களுக்கும் இது பொருந்தும். 2017இல் வந்த ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025, சர்டிஃபிகேட்டில் 'பாஸ்' என்று எழுதுவதானால் எந்த முடிவு விதிப்படி என்று வாடிக்கையாளரிடம் முன்பே பேசி முடிவு செய்யச் சொல்கிறது. லேப் அங்கீகார அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பாக இருந்த ஐலாக் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, 'பாஸ்', 'ஃபெயில்' என்பவற்றுக்கு நடுவே 'நிபந்தனையுடன் பாஸ்', 'நிபந்தனையுடன் ஃபெயில்' என்று இரண்டு படிகளையும் காட்டுகிறது. ஒரு மைக்ரோமீட்டருக்கு 'பாஸ்' சர்டிஃபிகேட் வந்தால், அதில் 'எளிய ஏற்பு' என்று இருக்கிறதா, கார்டு பேண்ட் கழித்த பிறகு பாஸா என்று ஒரு வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒரே பாஸ் அல்ல.

பட்டறைக்காரர் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. கிரைண்டிங் ஆப்பரேட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. மெட்டலை எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது என்பதால், அளவு சற்றுப் பெரிதாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று மேல் எல்லையைக் குறிவைத்தே ஓட்டுவார். 24.998 வந்ததும் நிறுத்திவிடுவார். அதனால்தான் எல்லையோர ஷாஃப்ட்டுகள் அத்தனை குவிகின்றன. குறியை 24.994க்கு இறக்கி, அதன்பிறகும் 24.997க்கு மேலே வருபவற்றை மட்டும் தனியே எடுத்து, ஆறவிட்டு, ±1 மைக்ரான் தரும் கம்பேரட்டரில் வைத்துப் பார்த்தால் போதும். ஆயிரம் ஷாஃப்ட்டுக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை.